தவறான கைக்குப் போன சம்பளப் பட்டியல்



தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் பலர் இன்று பட்டணத்தில் கணக்கு அலுவலகங்களிலும் வழக்கறிஞர் அலுவலகங்களிலும் கிராணிகளாக வேலை பார்க்கிறார்கள். பிறருடைய சம்பளம், வங்கிக் கணக்கு, அடையாள அட்டை எண் எல்லாம் அவர்கள் கையில் நாள்தோறும் புரள்கின்றன. ஒருவருக்கு அனுப்ப வேண்டியதை வேறொருவருக்கு அனுப்பிவிட்டால், உரியவரிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்பதே இன்றைய பேச்சு.

ஒரு நிகழ்ச்சியை நடந்ததாக வைத்துக்கொள்வோம். ஒரு சிறிய கணக்கு அலுவலகம். அங்கே ஒரு பெண் வேலை செய்கிறாள். செம்பனைத் தோட்டங்களில் குலை வெட்டும் வேலையைக் குத்தகை எடுக்கும் காண்ட்ராக்டர் ஒருவர் அந்த அலுவலகத்தின் வாடிக்கையாளர். அவரிடம் 38 தொழிலாளர்கள். ஊழியர் சேமநிதிப் பணமும் சொக்சோ பணமும் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். ஆகவே 14ஆம் தேதி மாலை 4.40க்கு, சரிபார்ப்பதற்காகச் சம்பளப் பட்டியலை மின்னஞ்சலில் அவருக்கு அனுப்புகிறாள். பெயரின் முதல் இரண்டு எழுத்தைத் தட்டியதும் கணினி தானாகவே ஒரு முகவரியை நீட்டுகிறது. அவசரத்தில் அதையே அழுத்திவிடுகிறாள். அது அதே வட்டாரத்தில் குத்தகை எடுக்கும் இன்னொரு காண்ட்ராக்டரின் முகவரி. அவரும் அதே அலுவலகத்தின் வாடிக்கையாளர்தான்.

5.10க்குத் தொலைபேசி மணி அடிக்கிறது. “என்னம்மா, பட்டியல் இன்னும் வரவில்லையே?” என்கிறார் முதலாமவர். அப்போதுதான் அவளுக்குத் தெரிகிறது.

சத்தமில்லாமல் மறுபடி சரியான முகவரிக்கு அனுப்பிவிட்டு, நடந்ததை மூடிவிடலாம் என்றுதான் மனம் முதலில் சொல்லும். மின்னஞ்சலைத் திரும்பப் பிடித்துவிடலாம் என்ற நினைப்பும் வரும். ஜிமெயிலில் அதிகம் போனால் 30 விநாடிதான் அவகாசம். அதற்குப் பிறகு போனது போனதுதான். வாட்ஸ்ஆப்பில் எல்லாருக்கும் அழிக்கும் வசதி உண்டு. ஆனால் அதற்குள் அவர் பார்த்திருக்கலாம், கோப்பைத் தன் கைப்பேசியில் இறக்கியும் இருக்கலாம்.

அந்தப் பெண் செய்ய வேண்டிய முதல் காரியம் தன் அலுவலகத் தலைவரிடம் உடனே சொல்வது. அடுத்து, தலைவர் தவறான ஆளைத் தொலைபேசியில் கூப்பிட வேண்டும். மன்னிப்புக் கேட்கும் முன் இந்த அழைப்பு ஏன்? உரியவர் கேட்கப்போகும் முதல் கேள்வியே, “அவர் அதைத் திறந்து பார்த்தாரா?” என்பதுதான். பதில் தெரியாமல் பேசினால் மன்னிப்பு பாதியில் நின்றுவிடும். ஆனால் அவர் எடுக்கவில்லை என்பதற்காக மணிக்கணக்கில் காத்திருக்கவும் கூடாது.

நம் நிகழ்ச்சியில் அவர் எடுக்கிறார். கைப்பேசியில் திறந்து பார்த்தாராம், யாருக்கும் அனுப்பவில்லையாம். அஞ்சல் பெட்டியிலிருந்தும், அழித்தவை தங்கும் குப்பைப் பெட்டியிலிருந்தும், கைப்பேசியில் இறங்கிய கோப்பையும் அழித்துவிட்டு, அப்படிச் செய்ததாக ஒரு வரி எழுதி அனுப்பும்படி தலைவர் கேட்டுக்கொள்கிறார். “உங்கள் பெயரை அவரிடம் சொல்லலாமா?” என்றும் கேட்கிறார். ஏனென்றால் இந்த இரண்டாமவரும் வாடிக்கையாளர். அவர் இந்த அலுவலகத்தில் கணக்கு வைத்திருக்கிறார் என்பதும் இரகசியமே. ஒரு தவறைச் சொல்லப் போய் இன்னொன்றைச் செய்துவிடக் கூடாதல்லவா?

5.35க்குத் தலைவர் உரியவரைக் கூப்பிடுகிறார். கடிதத்துக்கு முன் குரல் போக வேண்டும். அந்தப் பெண்ணைப் பேசவிட்டுத் தலைவர் ஒதுங்கிக்கொள்வது முறையல்ல. அலுவலகத்தின் பெயரால் போன தவறுக்கு அலுவலகமே பொறுப்பு.

இனி, சொல்லும் சொல். நம் தமிழில் ஒரு வசதியான வினை இருக்கிறது: “பட்டியல் மாறிப் போய்விட்டது.” யார் மாற்றினார்? பட்டியலே கால் முளைத்து நடந்து போனதுபோல் இருக்கிறது. மலாய் மொழியிலும் ‘தெர்ஹந்தார்’ என்று எழுதிவிட்டால் அனுப்பிய ஆள் மறைந்துவிடுவார். நம் அலுவலகங்களிலிருந்து போகும் கடிதங்கள் பல மலாயில் இருப்பதால் இதைக் கவனிக்கச் சொல்கிறேன். “நாங்கள் தவறான முகவரிக்கு அனுப்பிவிட்டோம்” என்பதே நேர்மையான வாக்கியம். “உங்களுக்கு ஏதேனும் சிரமம் ஏற்பட்டிருந்தால்” என்று இழுப்பதும் வேண்டாம். சிரமம் ஏற்பட்டுவிட்டது. போட்டிக்காரருக்கு அவர் டன்னுக்கு எத்தனை வெள்ளி கொடுக்கிறார் என்பது தெரிந்துவிட்டது. நாளை அவருடைய ஆட்களை இழுக்கலாம். “இதனால் ஒன்றும் ஆகாது, பயப்படாதீர்கள்” என்ற உறுதியையும் தரக் கூடாது. அது நமக்குத் தெரியாத விஷயம்.

அன்றிரவே போக வேண்டிய கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

“ஐயா, இன்று மாலை 4.40க்கு உங்கள் தொழிலாளர்கள் 38 பேரின் சம்பளப் பட்டியலை எங்கள் தவறால் வேறொருவருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டோம். அதில் பெயர், அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு எண், சம்பளத் தொகை ஆகியவை இருந்தன. பெற்றவர் யாரென்று அவர் சம்மதத்துடன் தொலைபேசியில் தெரிவித்தோம். அவர் கோப்பைத் திறந்து பார்த்ததாகவும், வேறு எவருக்கும் அனுப்பவில்லை என்றும் கூறினார். அழித்துவிட்டதாக எழுத்தில் தர ஒப்புக்கொண்டார்; கிடைத்ததும் உங்களுக்கு அனுப்புகிறோம். கோப்புக்குக் கடவுச்சொல் போடாததும் எங்கள் குறையே. இதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். நாளை காலை 10 மணிக்கு மறுபடி அழைக்கிறோம்.”

அந்தப் பட்டியலை இந்தக் கடிதத்தோடு மறுபடி இணைத்துவிடாதீர்கள். பதற்றத்தில் அப்படியும் நடப்பதுண்டு.

ஏன் அன்றிரவே? மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், 2025 ஜூன் 1 முதல் ஒரு புதிய கடமை சேர்ந்திருக்கிறது. கசிந்த தகவலால் ஆட்களுக்குக் கணிசமான தீங்கு நேரக்கூடும் என்றால், 72 மணி நேரத்திற்குள் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்கு அறிவிக்க வேண்டும். அதன்பின் 7 நாளுக்குள் சம்பந்தப்பட்ட ஆட்களுக்கும் தெரிவிக்க வேண்டும். இந்தக் கடமை யார் தலையில் விழுகிறது? பட்டியலை அனுப்பிய கணக்கு அலுவலகத்தின் தலையில் அல்ல. தொழிலாளர்களை வைத்திருக்கும் காண்ட்ராக்டரின் தலையில். அலுவலகம் வெட்கப்பட்டு இரண்டு நாள் மௌனமாக இருந்தால், செலவாவது அவருடைய நேரம். அறிவிப்பது அவசியமா என்பதை அவர் தக்க ஆலோசனை கேட்டு முடிவு செய்யட்டும். அந்த முடிவை அவருக்காக நாம் எடுத்துவிடக் கூடாது.

அந்த 38 பேர் யார்? நம் லயத்து மனிதர்கள்தாம். நாளை ஒருவன் தொலைபேசியில் கூப்பிட்டு, அடையாள அட்டை எண்ணையும் போன மாதச் சம்பளத்தையும் பிசகாமல் சொல்லி, “வங்கியிலிருந்து பேசுகிறேன், உங்களுக்கு வந்த எண்ணைச் சொல்லுங்கள்” என்று கேட்டால், நம் அம்மாக்கள் நம்பிவிடுவார்கள். ஆகவே காண்ட்ராக்டர் தொழிலாளர்களுக்குத் தெரிவிக்கும் செய்தியில், கைப்பேசிக்கு வரும் அந்த எண்ணை எவரிடமும் சொல்லக் கூடாது என்றும், பணம் பறிபோனால் உடனே வங்கியையோ 997 என்ற எண்ணையோ அழைக்க வேண்டும் என்றும் இருக்க வேண்டும். அந்தச் செய்தியைத் தமிழிலும், வெளிநாட்டுத் தொழிலாளர் இருந்தால் அவர்கள் மொழியிலும் எழுதிக் கொடுக்க அலுவலகம் முன்வரலாம். மன்னிப்பின் ஒரு பகுதியாக அந்த வேலையைச் செய்வது தகும் என்பது என் கருத்து.

மறுநாள் காலை 10 மணிக்கு என்று சொன்னால், புதிய செய்தி எதுவும் இல்லாவிட்டாலும் 10 மணிக்கே கூப்பிட வேண்டும். அப்போது இரண்டாமவர் எழுதிக் கொடுத்த வரியைப் படித்துக் காட்டலாம். கணினியில் தானாக நீளும் முகவரிகளை நீக்கிவிட்டதையும், இனிப் பட்டியல் கடவுச்சொல்லோடுதான் வரும், அந்தச் சொல் தொலைபேசியில் தனியாகச் சொல்லப்படும் என்பதையும் தெரிவிக்கலாம். இத்தனைக்குப் பிறகும் அவர் கோபப்படலாம். கணக்கை வேறு அலுவலகத்துக்கு மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். அப்படி மாற்றினால், அவருடைய கோப்புகளைத் தாமதமின்றி, இம்முறை முகவரியை இரண்டு பேர் சரிபார்த்து, ஒப்படைத்துவிட வேண்டும்.