எட்டு கிலோமீட்டரின் உண்மையான பேஸ்

ஹாஃப் மாரத்தானுக்குத் தயாராகும் ஒருவர் ஞாயிறு காலை 8 கிலோமீட்டர் ஓடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். உடம்பைச் சூடாக்க முதல் 1.2 கிலோமீட்டரை நிதானமாக, கிலோமீட்டருக்கு 7:30 என்ற பேஸில் ஓடுகிறார். அதாவது ஒரு கிலோமீட்டர் போக ஏழரை நிமிடம். அடுத்த 5 கிலோமீட்டரை முழு மூச்சாக 5:40-ல் ஓடி முடிக்கிறார். மிச்சமிருக்கும் 1.8 கிலோமீட்டரை 7:00 பேஸில் தளர்வாக ஓடி வீடு திரும்புகிறார். அன்றைய ஓட்டத்தின் சராசரி பேஸ் என்ன?

பெரும்பாலானவர்கள் 7:30, 5:40, 7:00 மூன்றையும் கூட்டி மூன்றால் வகுப்பார்கள். 6:43 என்று வரும். பார்க்க நியாயமான எண்தான். ஆனால் அந்தப் பேஸில் 8 கிலோமீட்டர் ஓடினால் கிட்டத்தட்ட 53 நிமிடம் 47 விநாடி ஆகியிருக்க வேண்டும். அவருக்கு ஆனதோ 49:56. ஏறக்குறைய நாலு நிமிடம் இடிக்கிறது. எந்தச் சராசரியையும் நம்புவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை இதுதான்: வந்த பேஸை மொத்தத் தூரத்தால் பெருக்கிப் பாருங்கள். கடிகாரம் காட்டிய மொத்த நேரம் வரவில்லையென்றால் சராசரி தவறு.

தவறு எங்கே நேர்ந்தது? 1.2 கிலோமீட்டருக்கும் 5 கிலோமீட்டருக்கும் ஒரே மதிப்புக் கொடுத்ததில். கிலோ 50 ரூபாய் அரிசியில் ஒரு கிலோவும் 70 ரூபாய் அரிசியில் ஒன்பது கிலோவும் வாங்கிவிட்டு, சராசரி விலை 60 ரூபாய் என்று யாரும் சொல்ல மாட்டோம். மொத்தப் பணத்தை மொத்த எடையால் வகுத்து 68 என்போம். பேஸும் அப்படித்தான். அது ஒரு கிலோமீட்டருக்கு நாம் கொடுக்கும் நேரம். எத்தனை கிலோமீட்டருக்கு அந்த நேரத்தைக் கொடுத்தோம் என்பது கணக்கில் வந்தே ஆக வேண்டும்.

எனவே ஒவ்வொரு துண்டுக்கும் ஆன நேரத்தை முதலில் கண்டுபிடிக்கிறோம். 1.2 கிலோமீட்டர் 7:30-ல் என்றால் சரியாக 9 நிமிடம். 5 கிலோமீட்டர் 5:40-ல் என்றால் 28:20. கடைசி 1.8 கிலோமீட்டர் 7:00-ல் என்றால் 12:36. மூன்றையும் கூட்டினால் 49:56. இதை 8-ஆல் வகுக்க வேண்டும். அவ்வளவே. ஆனால் வகுக்கிற இந்த இடத்தில்தான் இன்னொரு குழி இருக்கிறது.

கால்குலேட்டரில் 49.56 என்று தட்டி 8-ஆல் வகுத்தால் 6.195 வரும். அதை 6:19 அல்லது 6:20 என்று வாசித்துவிடுவோம். கால்குலேட்டருக்கு நிமிடமும் விநாடியும் தெரியாது. நிமிடத்தில் 60 விநாடி. அதற்கோ புள்ளிக்குப் பின்னால் நூறு பங்கு. ஆகவே எல்லாவற்றையும் விநாடியாக்கிக்கொள்வதே பத்திரம். 49 நிமிடம் 56 விநாடி என்பது 2,996 விநாடி. எட்டால் வகுத்தால் 374.5 விநாடி. அதிலிருந்து 6 நிமிடத்துக்கான 360-ஐக் கழித்தால் மிச்சம் 14.5. உண்மையான சராசரி பேஸ் 6:14-க்கும் 6:15-க்கும் நடுவே. கடைசியிலும் கவனம் வேண்டும். 374.5-ஐக் கால்குலேட்டரிலேயே 60-ஆல் வகுத்தால் 6.24 என்று காட்டும். அது 6:24 அல்ல. 6 நிமிடமும் இன்னொரு நிமிடத்தின் நூற்றில் 24 பங்கும். இந்த ஒரு புள்ளியால் கிலோமீட்டருக்குப் பத்து விநாடி தவறிப்போகிறது.

துண்டுகளைத் தூரத்தால் பிரித்தபோது கணக்கு நேராக நடந்தது. நேரத்தால் பிரித்தால்தான் பலரும் தடுமாறுகிறார்கள். புதிதாக ஓட வருபவர்கள் நாலு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றிப் போவதுண்டு. நீண்ட தூரத்தைக் களைப்பில்லாமல் முடிக்க இது நல்ல முறை. அமெரிக்க ஓட்டப் பயிற்சியாளர் ஜெஃப் கேலோவே பிரபலப்படுத்தியது. ஓடும்போது 6:00 பேஸ், நடக்கும்போது 10:00 பேஸ் என்று கொள்வோம். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 8:00 வரும். அது தவறு என்று இப்போது நமக்கே தெரியும். சற்று யோசிப்பவர், ஓட்டம் நாலு பங்கு, நடை ஒரு பங்கு என்று எடுத்துக்கொண்டு, நாலு ஆறு இருபத்துநாலு, அதோடு பத்து, ஐந்தால் வகுத்தால் 6.8, அதாவது 6:48 என்பார். நிமிடங்களுக்கு ஏற்ற மதிப்பைக் கொடுத்துத்தானே கணக்கிட்டோம் என்று தோன்றும். இதுவும் தவறுதான்.

தூரத்தைப் பாருங்கள். 6:00 பேஸில் நாலு நிமிடம் ஓடினால் 667 மீட்டர். 10:00 பேஸில் ஒரு நிமிடம் நடந்தால் 100 மீட்டர். ஐந்து நிமிடத்தில் மொத்தம் 767 மீட்டர். 300 விநாடியை 0.767-ஆல் வகுத்தால் 391 விநாடி, அதாவது 6:31. நிமிடக் கணக்கில் நடை ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் மீட்டர் கணக்கில் அது ஏழில் ஒரு பங்குகூட இல்லை. பேஸ் என்பது கிலோமீட்டருக்கு இவ்வளவு என்ற அளவு, ஆகையால் அதில் எடை பெறுவது மீட்டர்தான். வேகமாகப் போகும் நிமிடங்களில் மீட்டர்கள் நிறையச் சேர்கின்றன, மெதுவான நிமிடங்களில் குறைவாகச் சேர்கின்றன. அதனால் நேரத்தால் வெட்டிய துண்டுகளின் பேஸை நேரத்துக்கு ஏற்பச் சராசரி எடுத்தால், நாம் ஓடியதைவிட மெதுவாக ஓடியதாகவே எப்போதும் காட்டும். நடை இடைவேளை எடுப்பவர்கள் தங்கள் ஓட்டத்தைக் குறைத்து மதிப்பிட்டுக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். 6:48-க்கும் 6:31-க்கும் உள்ள இடைவெளி பத்துக் கிலோமீட்டரில் ஏறத்தாழ மூன்று நிமிடம்.

டிரெட்மில்லில் ஓடுபவர்களுக்கு மட்டும் இதில் ஒரு வசதி உண்டு. அந்த இயந்திரங்களில் பல, மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வேகத்தைக் காட்டுகின்றன. வேகத்தை நேரத்துக்கு ஏற்பத் தாராளமாகச் சராசரி எடுக்கலாம். 20 நிமிடம் மணிக்கு 8 கிலோமீட்டரிலும் 10 நிமிடம் 11 கிலோமீட்டரிலும் ஓடினால், சராசரி மணிக்கு 9 கிலோமீட்டர். 60-ஐ 9-ஆல் வகுத்தால் 6.67, அதாவது 6:40 பேஸ். துண்டுகளைத் தூரத்தால் வெட்டியிருந்தால் பேஸைக் கையில் எடுங்கள். நேரத்தால் வெட்டியிருந்தால் வேகத்தைக் கையில் எடுங்கள்.

ஆனால் பயிற்சிகள் பலவற்றில் இரண்டும் கலந்தே வரும். 800 மீட்டர் விரைவோட்டம், பிறகு இரண்டு நிமிடம் மெல்லோட்டம், மறுபடி 800 மீட்டர் என்று போகும் இன்டர்வெல் பயிற்சியில் ஒரு துண்டு மீட்டரில் இருக்கிறது, அடுத்தது நிமிடத்தில் இருக்கிறது. இங்கே குறுக்குவழி எதுவும் கிடையாது. ஒரு தாளில் தூரத்துக்கு ஒரு பத்தி, நேரத்துக்கு ஒரு பத்தி போட்டு ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டையும் நிரப்ப வேண்டும். 800 மீட்டரை 5:00 பேஸில் ஓடினால் 4 நிமிடம். இரண்டு நிமிடம் 8:00 பேஸில் போனால் 250 மீட்டர். ஒரு சுற்றுக்கு 1,050 மீட்டர், 6 நிமிடம். பேஸ் 5:43. அந்த இரண்டு நிமிடமும் மெல்லோட்டம் இல்லாமல் நின்றபடி மூச்சு வாங்கினால்? தூரப் பத்தியில் பூஜ்யம், நேரப் பத்தியில் 2 நிமிடம். 800 மீட்டருக்கு 6 நிமிடம் என்றாகி பேஸ் 7:30-க்கு இறங்கிவிடும். நிற்பவருக்குப் பேஸ் என்று ஒன்று கிடையாது, அதைச் சராசரியில் சேர்க்கவும் முடியாது. ஆனால் அவர் நின்ற நேரத்தைக் கூட்ட முடியும். இரண்டு பத்தி வைத்துக் கணக்கிடுவதன் பலன் இங்கேதான் தெரிகிறது.

சாலையில் சிக்னலுக்காக நிற்பதும் இதே கதைதான். நம் 8 கிலோமீட்டர்க்காரர் வழியில் மொத்தம் 3 நிமிடம் 4 விநாடி நின்றிருந்தால், வீட்டை விட்டுக் கிளம்பித் திரும்பும்வரை ஆனது 53 நிமிடம், பேஸ் 6:37. நின்றதும் தானாக நின்றுகொள்ளும் ஆட்டோ பாஸ் வசதி கைக்கடிகாரத்தில் இயங்கிக்கொண்டிருந்தால் அது 6:14 என்றே காட்டும். கால்கள் எப்படி உழைத்தன என்று அறிய 6:14 போதும். ஆனால் அதை வைத்துப் பந்தய நேரத்தைக் கணிக்கக் கூடாது. பந்தயத்தில் தண்ணீர் குடிக்க நின்றாலும், ஷூ லேஸ் கட்டக் குனிந்தாலும் கடிகாரம் நிற்பதில்லை.

இதுவரை நேரத்தைப் பற்றியே பேசினோம். வகுக்கும் எண்ணான தூரமும் தவறலாம். அங்கீகாரம் பெற்ற சாலைப் பந்தயங்களின் பாதையை, சைக்கிளின் முன் சக்கரத்தில் ஜோன்ஸ் கவுன்ட்டர் என்ற சிறு கருவியைப் பொருத்தி, ஓடக்கூடிய மிகக் குறுகிய வழியை ஒட்டி அளக்கிறார்கள். பாதை எந்த வகையிலும் குறைந்துவிடக் கூடாதென்று ஆயிரத்துக்கு ஒரு பங்கு கூடுதலாகவும் சேர்க்கிறார்கள். ஓடுபவரோ வளைவுகளில் அகலமாகத் திரும்புகிறார், கூட்டத்தை ஒதுங்கிக் கடக்கிறார், தண்ணீர் மேசைக்காக ஓரம் போகிறார். உயரமான கட்டடங்களுக்கு நடுவே ஜி.பி.எஸ். தன் பங்குக்குக் கொஞ்சம் நெளிகிறது. ஆக 21.0975 கிலோமீட்டர் ஹாஃப் மாரத்தானை முடித்தவரின் கையில் 21.35 என்று காட்டினால் அது வழக்கமான சமாச்சாரம்தான்.

இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க விரும்புபவரை இது நேராகப் பாதிக்கும். 7,200 விநாடியை 21.0975-ஆல் வகுத்தால் 5:41. கடிகாரத்தில் சராசரி 5:40 என்று தெரிகிறது, ஒரு விநாடி கையிருப்பு இருக்கிறது என்று நம்பி அவர் ஓடுகிறார். ஆனால் கடிகாரம் அந்த 5:40-ஐ 21.35 கிலோமீட்டருக்கு அல்லவா சொல்கிறது. இரண்டையும் பெருக்கினால் 7,259 விநாடி. முடிவுக்கோட்டைத் தாண்டும்போது 2:00:59. வழிநெடுகத் திரையில் சரியான எண்ணைப் பார்த்துக்கொண்டே ஓடியும் ஒரு நிமிடம் தவறிவிடுகிறது.

இதற்குக் கடிகாரத்தின் சராசரியை நம்பாமல், பாதையோரக் கிலோமீட்டர் பலகைகளை நம்புவதே வழி. 5 கிலோமீட்டர் பலகையைக் கடக்கும்போது 28:26, பத்தில் 56:52, பதினைந்தில் 1:25:19, இருபதில் 1:53:45. இந்த நான்கு நேரங்களையும் புறங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு, ஒவ்வொரு பலகையிலும் ஓடிய நேரத்தை மட்டும் ஒப்பிட்டால் போதும். தொடக்கக் கோட்டைத் தாண்டும் நொடியில் கடிகாரத்தை முடுக்க வேண்டும், ஆட்டோ பாஸை அணைத்துவைக்க வேண்டும்.