கலகக்காரன் வேஷம் யாருக்குப் பொருந்தும்?

1994-இல் அமெரிக்காவின் ஹார்லி-டேவிட்சன் நிறுவனம் ஒரு விசித்திரமான விண்ணப்பம் போட்டது. தன் மோட்டார் சைக்கிளின் எஞ்சின் சத்தத்தையே வணிக முத்திரையாகப் பதிவு செய்து தர வேண்டும் என்றது. போட்டி நிறுவனங்கள் எதிர்த்தன. விவகாரம் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. கடைசியில் 2000-இல் ஹார்லியே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

அப்படி என்ன அந்தச் சத்தத்தில்? ஹார்லி எஞ்சினில் இரண்டு சிலிண்டர்கள் 45 டிகிரி கோணத்தில் விரிந்து நிற்கும். இரண்டு பிஸ்டன்களும் கிராங்க்கின் ஒரே பின்னில் மாட்டப்பட்டிருப்பதால் வெடிப்புகள் சம இடைவெளியில் வருவதில்லை. ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே கிராங்க் 315 டிகிரி சுற்றும். அதற்கடுத்த வெடிப்புக்கு 405 டிகிரி சுற்ற வேண்டும். அதனால் வண்டி நின்ற இடத்தில் ஓடும்போது தாளம் தப்பியதுபோல நொண்டி நொண்டி உறுமும். மெக்கானிக்குக்கு இது பழைய வடிவமைப்பு. அதை நேசிப்பவர்களுக்கோ, ‘வரிசையில் நிற்க மாட்டேன்’ என்கிற ஒருவனின் குரல்.

ஒரு பொருளைப் பார்த்ததும் அதன் பின்னால் ஒரு ஆளைக் கற்பனை செய்துகொள்வது மனித இயல்பு. விளம்பரத் துறை இதற்கு ஒரு பட்டியலே வைத்திருக்கிறது. ஆர்க்கிடைப் என்பார்கள், தமிழில் தொல்படிமம். எல்லா ஊர்க் கதைகளிலும் திரும்பத் திரும்ப வரும் ஆள் வகைகள் அவை. சொல் உளவியலாளர் கார்ல் யுங்கிடமிருந்து வந்தது. ஆனால் இன்று விளம்பர நிறுவனங்களின் சுவரில் தொங்கும் பன்னிரண்டு பேர் பட்டியல் அவர் போட்டதல்ல. கரோல் பியர்சன் என்ற அமெரிக்க எழுத்தாளர் தன் சுயமுன்னேற்ற நூல்களில் வளர்த்தெடுத்த பட்டியல் அது. 2001-இல் அவரும் விளம்பரத் துறையைச் சேர்ந்த மார்கரெட் மார்க்கும் சேர்ந்து எழுதிய புத்தகம் அதை வணிகத்துக்குள் கொண்டுவந்தது. நாயகன், கலகக்காரன், மந்திரவாதி, ஞானி, அப்பாவி, ஊர்சுற்றி, ஆட்சியாளர், அரவணைப்பவர், படைப்பாளி, காதலர், கோமாளி, சாமானியர். உங்கள் பிராண்ட் இவர்களில் யார் என்று கண்டுபிடித்துவிட்டால், அது எப்படிப் பேசும், எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதெல்லாம் தெளிவாகிவிடும் என்பதுதான் இந்த முறையின் வாக்குறுதி.

கலகக்காரனுக்கு எல்லாரும் காட்டும் உதாரணம் ஹார்லி. ஆனால் அந்தக் கதையைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் ஒரு உண்மை தெரியும். இந்த வேஷத்தை ஹார்லி தேர்ந்தெடுக்கவில்லை. வாடிக்கையாளர்கள் அதன் தலையில் கட்டிவிட்டார்கள்.

1947 ஜூலையில் கலிஃபோர்னியாவின் ஹாலிஸ்டர் என்ற சின்ன ஊரில் மோட்டார் சைக்கிள் கூட்டம் ஒன்று ரகளையில் முடிந்தது. காலி பீர் பாட்டில்களுக்கு நடுவே ஹார்லி மேல் சரிந்து உட்கார்ந்திருந்த ஒருவரின் படம் ‘லைஃப்’ இதழில் வந்தது. அதைத் தழுவி 1953-இல் ‘தி வைல்ட் ஒன்’ படம் வந்தது. அதில் நாயகன் மார்லன் பிராண்டோ ஓட்டியது ஆங்கிலேயத் தயாரிப்பான டிரையம்ஃப். எதிர்க்கும்பல் தலைவனாக வந்த லீ மார்வினின் வண்டிதான் ஹார்லி. 1969-இல் ‘ஈஸி ரைடர்’ வந்தபோது நாயகர்களே ஹார்லியை வெட்டி ஒட்டிய ‘சாப்பர்’களில் வந்தார்கள்.

நிறுவனத்துக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. போலீஸ் துறைக்கு வண்டி விற்கும் கௌரவமான கம்பெனி அது. இந்த நேரத்தில் ஹோண்டா புத்திசாலித்தனமாக உள்ளே வந்தது. 1963-இல் அது வெளியிட்ட அமெரிக்க விளம்பரத்தின் சாரம், ‘ஹோண்டாவில் வருபவர்கள் நல்ல மனிதர்கள்’ என்பதே. படத்தில் அம்மாவும் பிள்ளையும், கல்லூரி மாணவர்கள், கடைக்குப் போகிறவர்கள். 50 சிசி வண்டியில் சாமானியர் வந்து உட்கார்ந்துகொண்டார். முரட்டு வண்டி என்ற பெயர் ஹார்லியின் கணக்கிலேயே நின்றுவிட்டது.

அதை முதலில் வண்டியாக மாற்றியவர் நிறுவனர்களில் ஒருவரின் பேரன் வில்லி ஜி. டேவிட்சன். இளைஞர்கள் தங்கள் ஹார்லிகளை எப்படி வெட்டி மாற்றுகிறார்கள் என்று பார்த்து, அதே பாணியில் தொழிற்சாலையிலேயே செய்த ‘சூப்பர் கிளைட்’ வண்டியை 1971-இல் இறக்கினார். அப்போது நிறுவனம் ஏஎம்எஃப் என்ற பெருங்குழுமத்தின் கையில் இருந்தது. தரம் சரிந்தது, எண்ணெய் ஒழுகும் வண்டி என்று கேலி பேசினார்கள். 1981-இல் பதின்மூன்று அதிகாரிகள் சேர்ந்து நிறுவனத்தை விலைக்கு வாங்கினார்கள். அவர்கள் முதலில் சரிசெய்ய வேண்டியிருந்தது தரத்தை. அதன் பிறகுதான் படிமம் வேலை செய்தது. 1983-இல் ஹார்லி உரிமையாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். அதிகாரிகளே தோல் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு வாடிக்கையாளர்களோடு ஊர்வலம் போனார்கள். வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிற நடுவயதுக்காரர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கலகக்காரனாக இருக்க இடம் கிடைத்தது. யாரையும் அடிக்காத, யாரும் கைதாகாத கலகம்.

இங்கே ஆர்க்கிடைப் என்ன செய்தது என்று கவனியுங்கள். ஏற்கெனவே இருந்ததற்கு அது பெயர் வைத்தது. பெயர் வைத்ததும் முடிவுகள் எளிதாயின. எஞ்சின் அமைப்பை மாற்றி சத்தத்தைச் சீராக்கலாமா? கூடாது. வண்டியை வாங்கியவர் இஷ்டப்படி மாற்றிக்கொள்ள உதிரிபாகம் விற்கலாமா? தாராளமாக. இந்தக் கேள்வியை மறந்தபோதெல்லாம் ஹார்லி சறுக்கியது. அதன் பெயரில் வாசனைத் திரவியமும் ‘ஒயின் கூலர்’ பானமும் வந்தன. இரண்டும் விற்கவில்லை, மார்க்கெட்டிங் வகுப்புகளில் சிரிப்பதற்குத்தான் பயன்பட்டன.

பியர்சனும் மார்க்கும் சொன்ன வரிசையும் ஏறக்குறைய இதுதான். முதலில் நிறுவனத்தின் வரலாற்றைத் தோண்டு. அடுத்து, பொருளிலேயே அந்தக் குணம் இருக்கிறதா என்று பார். பிறகு போட்டியாளர் எந்த வேஷத்தில் நிற்கிறார், வாடிக்கையாளருக்கு என்ன ஏக்கம் என்று கேள். தேர்ந்த பின் அதைக் கட்டிக்கா. நடைமுறையில் நடப்பது வேறு. ஒரு ஹோட்டல் அறை, மேஜைமேல் பன்னிரண்டு அட்டைகள், மதியச் சாப்பாட்டுக்குள் முடிவு. வரலாறும் பொருளும் அறைக்கு வெளியே நிற்கும். பிடித்த அட்டையை முதலாளி எடுப்பார். தேய்வழக்கு பிறப்பது அந்த நிமிடத்தில்தான்.

அதன் உச்சத்தை 2017 ஏப்ரலில் பெப்சி காட்டியது. அமெரிக்காவில் போலீஸ் அடக்குமுறைக்கு எதிரான போராட்டங்கள் நடந்த காலம். கெண்டல் ஜென்னர் நடித்த விளம்பரத்தில் இளைஞர் கூட்டம் ஒன்று ஊர்வலம் போகிறது. அவர்கள் கையில் இருக்கும் அட்டைகளைப் பாருங்கள்: சமாதானக் குறி, உரையாடலில் சேருங்கள் என்ற அழைப்பு. ஒரு கோரிக்கைகூட இல்லை. ஜென்னர் ஒரு போலீஸ்காரரிடம் பெப்சி டின்னை நீட்டுகிறார், அவர் குடிக்கிறார், கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. கண்டனம் குவிந்தது. மறுநாளே பெப்சி விளம்பரத்தை விலக்கி மன்னிப்புக் கேட்டது. கலகக்காரனின் உடை, நடை, கூட்டம் எல்லாம் இருந்தன. எதை எதிர்த்துக் கலகம் என்பது மட்டும் இல்லை. அந்த பானத்தில் கலகத்துக்கு ஆதாரமாக ஒரு சொட்டும் இல்லை.

நம் ஊர்க் கடைத்தெருவில் இது வேறு வேஷத்தில் நடக்கிறது. மரச்செக்கு எண்ணெய், சிறுதானிய மாவு, நாட்டுச் சர்க்கரை இருக்கும் அலமாரி முன்னால் போய் நில்லுங்கள். புன்னகைக்கும் பாட்டி, மண்பானை, வாழையிலை, ‘பாரம்பரியம்’, ‘தூய்மை’, ‘அன்புடன்’. அப்பாவியும் அரவணைப்பவரும் கலந்த வேஷம். கட்டைவிரலால் பெயரை மட்டும் மறைத்துக்கொண்டு எந்தக் கம்பெனி என்று சொல்லுங்கள் பார்க்கலாம். பக்கத்துப் புட்டியின் பெயரை எழுதினாலும் அந்த லேபிள் பொருந்தும். தேய்வழக்கைக் கண்டுபிடிக்க இதைவிட மலிவான சோதனை இல்லை.

இதையே சரியான வரிசையில் செய்தால் என்ன ஆகும்? ஒரு செக்குக் கடை என்று வைத்துக்கொள்வோம். அட்டைகளைத் தொடாமல், உரிமையாளர் தினமும் என்ன செய்கிறார் என்று ஒரு வாரம் உட்கார்ந்து பார்க்கிறோம். வாடிக்கையாளர் எதிரிலேயே கடலையை எடை போட்டு ஆட்டுகிறார். ‘கடையில கம்மி விலைக்குக் கிடைக்குதே?’ என்று கேட்பவரிடம், ‘ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய ரெண்டரைக் கிலோ கடலை போகுதுங்க. இன்னைக்குக் கடலை விலையை நீங்களே பெருக்கிப் பாருங்க’ என்கிறார். ஆட்டிய தேதியைப் புட்டியில் கையால் எழுதுகிறார். கசடு இறங்காத எண்ணெயை, கேட்டாலும் கொடுப்பதில்லை.

இவர் பாட்டி அல்ல, கணக்கு வாத்தியார். பன்னிரண்டு பேரில் ஞானி. தெரிந்ததும் லேபிள் தானாக மாறுகிறது. ‘பாட்டியின் அன்பு’ போய், ‘கடலை 2.5 கிலோ, எண்ணெய் 1 லிட்டர், ஆட்டிய தேதி’ என்று வருகிறது. இன்னொன்றும் தெரிகிறது: இவர் ‘சர்க்கரை நோய் ஓடிவிடும்’ என்று விளம்பரம் போட முடியாது. கணக்குச் சொல்கிறவர் கணக்கில் வராததைச் சொன்னால் வேஷம் கலைந்துவிடும்.

பொருந்திய வேஷத்துக்கும் ஒரு விலை உண்டு. 2019-இல் ஹார்லி மின்சார வண்டி கொண்டுவந்தபோது அது சந்தித்த சிக்கல், வண்டி உறுமவில்லை என்பதே. இரண்டே ஆண்டில் அந்த வண்டியை ‘லைவ்வயர்’ என்ற தனி பிராண்டாகப் பிரித்துவிட்டார்கள். உடம்போடு ஒட்டிய வேஷத்தை நினைத்த நேரத்தில் கழற்ற முடியாது.

ஆகவே, அடுத்த முறை யாராவது உங்கள் தொழிலுக்கு அட்டைகளோடு வந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘இதைத் தேர்ந்தெடுத்தால் நாளையிலிருந்து நான் எந்த வியாபாரத்தை விட வேண்டும்?’ பதில் இருந்தால் உட்காரச் சொல்லுங்கள். ‘எதையும் விட வேண்டாம், லேபிளை மாற்றினால் போதும்’ என்றால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.