பாலிசியின் இரண்டாவது வரி

மருத்துவக் காப்பீடு எடுப்பவரின் கையில் வந்து சேரும் பாலிசிப் புத்தகத்தை முழுதாகப் படிப்பவர்கள் குறைவு. அதனால்தான் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஜனவரி 1 முதல் புதிய வடிவில் ‘வாடிக்கையாளர் தகவல் தாள்’ ஒன்றைக் கட்டாயமாக்கியது. எதற்குப் பணம் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது, எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும், புகாரை யாரிடம் சொல்வது என்று தனித்தனித் தலைப்புகள். ஒவ்வொன்றின் எதிரிலும் சுருக்கமான விளக்கம், பாலிசியில் அதற்குரிய விதி எண்.

இப்படிச் சுருக்கும்போது எது விடுபட்டுப்போகும் என்பதை அறை வாடகை விதியில் நன்றாகப் பார்க்கலாம். பல பாலிசிகளில் அது ஏறக்குறைய இப்படி இருக்கும்: “நாளொன்றுக்கான அறை வாடகை காப்பீட்டுத் தொகையில் 1 விழுக்காட்டுக்கு மேற்படாது; மேற்படுமிடத்துத் தொடர்புடைய மருத்துவச் செலவுகள் விகிதாசார அடிப்படையில் வழங்கப்படும்.”

அவசரமாகச் சுருக்குபவர் ‘அறை வாடகை: 1 விழுக்காடு வரை’ என்று எழுதி முடித்துவிடுவார். எழுதியதில் பொய் இல்லை. ஆனால் குடும்பத்தின் பணத்தைக் கரைப்பது விடுபட்ட அந்த இரண்டாவது பாதிதான்.

5 லட்ச ரூபாய் பாலிசி வைத்திருப்பவருக்கு வாடகை வரம்பு 5,000 ரூபாய். அவர் 8,000 ரூபாய் அறையில் சேர்கிறார். தினமும் 3,000 ரூபாய் கையிலிருந்து போகும், அவ்வளவுதானே என்று நினைப்பார். மருத்துவர், அறுவை அரங்கு, செவிலியர் கட்டணங்கள் சேர்ந்து 1,60,000 ரூபாய் ஆகியிருந்தால், நிறுவனம் அதிலும் எட்டில் ஐந்து பங்கை, அதாவது 1 லட்சத்தை மட்டுமே தரும். மீதி 60,000 ரூபாய் அவர் தலையில்.

ஆகவே அந்தத் தாளில் இருக்க வேண்டியது இதுதான்:

அறை வாடகை எவ்வளவு கிடைக்கும்?
- ஒரு நாளைக்கு 5,000 ரூபாய் வரை.
- அதைவிடக் கூடுதல் வாடகையுள்ள அறை எடுத்தால் மருத்துவர், அறுவை அரங்கு, செவிலியர் கட்டணங்களும் அதே விகிதத்தில் குறையும்.
- மருந்து, உடலில் பொருத்தும் கருவி, பரிசோதனைச் செலவுகள் இதனால் குறையாது.
- அறைக்கு ஏற்பக் கட்டணம் மாறாத மருத்துவமனையில் இந்தக் குறைப்பு கிடையாது.

தலைப்பு, வாங்குபவர் கேட்கும் கேள்வியாகவே நிற்கிறது. கடைசி இரண்டு வரிகளை இடம் போதவில்லை என்று வெட்டவே கூடாது. பில் கட்டும் நேரத்தில் நோயாளியின் வீட்டார் எடுத்துக்காட்டிப் பேச வேண்டியவை அவை. எழுதி முடித்ததும் காப்பீடு பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம் தாளைக் கொடுத்து, “8,000 ரூபாய் அறை எடுத்தால் வாடகை தவிர வேறெதில் நம் பணம் போகும்?” என்று கேட்டுப் பார்க்க வேண்டும். அவர் விழித்தால் குறை எழுத்தில்தான்.

தகவல் தாளுக்கும் பாலிசிக்கும் முரண் வந்தால் பாலிசியில் உள்ளதே செல்லும். விதி எண் பக்கத்திலேயே இருப்பது அதற்காகத்தான். வாங்குபவர் விரும்பினால் இந்தத் தாளை உள்ளூர் மொழியில் தர வேண்டும் என்பதும் ஆணையத்தின் உத்தரவு. கையெழுத்துப் போடும் முன்பே தமிழில் கேட்டு வாங்கலாம்.