அழித்த மெசேஜ் பதிலுக்குள் நிற்கும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்துக் கரிசல் காட்டில் ஐப்பசி மழையை நம்பி விதைத்த மல்லி, தை மாசியில் களத்துக்கு வந்துவிடும். அதன் விலை பேச்சில் பெரும்பகுதி இன்று வாட்ஸப்பில்தான் நடக்கிறது. கமிஷன் கடைக்காரர் ஒரு வரி போடுகிறார், விவசாயி ஒரு வரியில் பதில் சொல்கிறார், மறுநாள் மூட்டை வண்டி ஏறுகிறது. இப்படி ஒரு வரியில் முடியும் பேச்சில் ஓர் எண் தவறிப்போனால் என்ன ஆகும்? அனுப்பியதை அழித்தால் தீர்ந்துவிடுமா? எதிராளி அதற்குப் பதில் போட்டுவிட்ட பிறகு அழித்தால் என்ன மிஞ்சும்?

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். அருப்புக்கோட்டை வியாபாரி ஒருவர் இரவு 8.10 மணிக்குத் திருச்சுழிப் பக்கத்து விவசாயிக்கு, "மல்லி குவிண்டால் 9,800. காலைல ஏத்தி விடுங்க" என்று அனுப்புகிறார். அவர் நினைத்தது 8,900. எண்கள் இடம் மாறிவிட்டன. 8.14-க்கு விவசாயி அந்த மெசேஜை வலது பக்கம் இழுத்து, அதை மேற்கோளாக வைத்தே பதில் போடுகிறார்: "சரிங்க அண்ணாச்சி, 15 மூட்ட வருது." மூட்டைக்கு 40 கிலோ என்றால் 6 குவிண்டால். குவிண்டாலுக்கு 900 ரூபாய் வித்தியாசத்தில் மொத்தம் 5,400 ரூபாய். 8.20-க்கு வியாபாரி தவறைப் பார்க்கிறார். பதறிப்போய்த் தன் மெசேஜை அழுத்திப் பிடித்து, "Delete for everyone" என்பதைத் தட்டுகிறார்.

இப்போது விவசாயியின் திரையில் என்ன தெரியும்? வியாபாரியின் மெசேஜ் இருந்த இடத்தில் "This message was deleted" என்ற சாய்ந்த எழுத்து நிற்கும். அதற்குக் கீழே விவசாயியின் பதில் அப்படியே இருக்கும். அந்தப் பதிலின் தலையில் உள்ள சின்னப் பெட்டியில் "மல்லி குவிண்டால் 9,800" என்ற வரியும் அழியாமல் இருக்கும். வியாபாரியின் போனில் அந்த இடத்தில் "You deleted this message" என்று வரும், மற்றபடி இதே காட்சிதான். அழிந்துபோய்விட்டது என்று அவர் நினைக்கும் எண், இருவர் திரையிலும் கண்முன்னே கிடக்கிறது.

இதற்குக் காரணம் வாட்ஸப் பதிலைக் கட்டி அனுப்பும் முறை. ஒவ்வொரு மெசேஜுக்கும் தனி அடையாள எண் உண்டு. ஒரு மெசேஜை மேற்கோளாக வைத்துப் பதில் போடும்போது, மூல மெசேஜின் அடையாள எண், அதை எழுதியவர் யார் என்ற குறிப்பு, மூல மெசேஜின் வாசகத்துக்கு ஒரு நகல் ஆகிய மூன்றும் பதிலுக்குள் ஏறிவிடுகின்றன. அந்த நகலோடுதான் பதில் எதிர்முனைக்குப் போய்ச் சேர்கிறது. அதாவது, உங்கள் வாசகம் இப்போது அவருடைய மெசேஜுக்குள் இருக்கிறது.

அழிப்பு என்பதும் உண்மையில் இன்னொரு மெசேஜ்தான். "இந்த அடையாள எண் உள்ளதை நீக்கிவிடு" என்று எதிராளியின் செயலிக்குப் போகும் உத்தரவு அது. அந்த உத்தரவு உங்கள் மெசேஜின் எண்ணை மட்டும் தேடிப் பிடித்து நீக்கும். விவசாயியின் பதிலுக்கு எண் வேறு, அனுப்பியவரும் வேறு. அதைத் தொட வியாபாரிக்கு அதிகாரம் கிடையாது. குரூப்பாக இருந்தால் அட்மின் யாருடைய மெசேஜையும் எல்லாருக்கும் நீக்கலாம். இருவர் பேசும் தனி உரையாடலில் அப்படி ஒரு மூன்றாவது ஆள் இல்லை.

படங்களிலும் இதே கதைதான். தவறான ஆளுக்கு அனுப்பிய படத்தை அவர் மேற்கோளாக வைத்துப் பதில் போட்டிருந்தால், நீங்கள் அழித்த பிறகு முழுப்படம் அந்தப் பதில் வழியாகத் திறக்காது. ஆனால் தபால்தலை அளவுக்கு ஒரு சிறு படம் பதிலுக்குள் தங்கிவிடும். யார், எங்கே என்று அடையாளம் காண அது போதும். நீளமான மெசேஜாக இருந்தால் மேற்கோள் பெட்டியில் முதல் சில வரிகளே கண்ணுக்குத் தெரியும். ஆனால் விலை, பெயர், தேதி எல்லாம் பெரும்பாலும் அந்த முதல் வரிகளில்தான் இருக்கும்.

எல்லாச் செயலியும் இப்படி இல்லை. டெலிகிராமில் சாதாரணப் பதில் மூல மெசேஜின் எண்ணை மட்டும் சுமந்து போகிறது. மூலத்தை அழித்தால் பதிலின் தலையிலும் அழிக்கப்பட்ட மெசேஜ் என்றே வரும். மின்னஞ்சல் இதற்கு நேர் எதிர்: பதிலின் அடியில் உங்கள் கடிதம் முழுவதும் ஒட்டிக்கொண்டு போகும், அதை எதுவும் திரும்ப எடுக்காது. ஜிமெயிலில் உள்ள "Undo" கூட அதிகபட்சம் 30 விநாடி அனுப்பாமல் நிறுத்தி வைக்கும் வசதியே தவிர, போனதைத் திரும்ப அழைப்பது அல்ல. சந்தேகம் இருந்தால் வீட்டில் உள்ள இரண்டு போன்களை வைத்துச் சோதித்துப் பாருங்கள். ஒன்றிலிருந்து அனுப்பி, மற்றொன்றில் மேற்கோள் வைத்துப் பதில் போட்டு, முதலாவதில் அழித்தால் உங்கள் செயலி எந்த வகை என்று உடனே தெரிந்துவிடும்.

கால எல்லையும் இருக்கிறது. வாட்ஸப்பில் இந்த வசதி 2017-இல் வந்தபோது அழிக்க 7 நிமிடமே அவகாசம். 2018-இல் அது ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலானது. 2022 ஆகஸ்டில் இரண்டு நாளுக்குச் சற்று மேலாக நீட்டினார்கள். அவகாசம் நீண்டதால் பலர் நிம்மதி அடைந்தார்கள். ஆனால் இரண்டு நாளில் எதிராளி பதில் போடாமல் இருக்கப்போவதில்லை. எவ்வளவு தாமதமாக அழிக்கிறோமோ, அவ்வளவுக்கு வாசகம் ஏற்கெனவே பதிலுக்குள் ஏறியிருக்க வாய்ப்பு அதிகம்.

சரி, பதில் வந்துவிட்டது, மூலத்தையும் அழித்துவிட்டோம். அந்த நகலை எடுக்க ஒரே வழி, பதில் போட்டவரிடம் கேட்பதுதான். அவர் தன் பதிலை அழுத்திப் பிடித்து, குப்பைத்தொட்டிக் குறியைத் தட்டி, "Delete for everyone" கொடுத்தால் இருவர் போனிலும் பதிலும் அதற்குள் இருந்த நகலும் சேர்ந்து போகும். அவருக்கான அவகாசம் அவர் பதில் போட்ட நேரத்திலிருந்து எண்ணப்படும். அது தாண்டிவிட்டால் "Delete for me" மட்டுமே மிஞ்சும். அதை இருவரும் தத்தம் போனில் தனித்தனியே செய்ய வேண்டும். அப்போதும் ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தாலோ, நோட்டிபிகேஷனில் படித்திருந்தாலோ அதற்கு மருந்து இல்லை. அனுப்பியது யுபிஐ பின், கடவுச்சொல் போன்றதாக இருந்தால் அழிப்பதில் நேரத்தைக் கழிக்காமல் முதலில் அதை மாற்றிவிட வேண்டும்.

மேற்கோள் வைக்காமல் வெறுமனே பதில் போட்டிருந்தால் வாசகம் மிஞ்சாது, உண்மைதான். ஆனால் வேறொரு குழப்பம் வரும். வியாபாரி அழித்த பிறகு விவசாயியின் "சரிங்க அண்ணாச்சி" ஆதாரமில்லாமல் தனியாக நிற்கும். அதற்கு மேலே முந்தின வாரம் பேசிய பழைய விலை இருந்தால், அதற்கே அவர் சரி சொன்னதுபோல் ஆகிவிடும். ஒருவர் தன் வரியை அழிக்கும்போது, மற்றவர் சொன்ன சொல்லின் பொருளும் மாறிவிடுகிறது. மேற்கோள் நகல் நிற்பது பதில் சொன்னவருக்கு ஒரு பாதுகாப்பு என்பது இங்கே புரியும். எதற்குச் சரி சொன்னார் என்பதற்கு அந்தப் பெட்டி சாட்சி.

சட்டமும் ஏறக்குறைய இதே நியாயத்தில்தான் நிற்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 5-ஆம் பிரிவின்படி, ஒருவர் வைத்த முன்மொழிவை எதிராளியின் சம்மதம் முழுமையாவதற்கு முன்பு திரும்பப் பெறலாம். அதற்குப் பின் முடியாது. "சரிங்க" என்ற பதில் வந்த பிறகு அழித்தது தாமதம். ஒரு தரப்பு மட்டும் தவறாக எண்ணியதால் ஒப்பந்தம் தானாகச் செல்லாமல் போகாது என்று 22-ஆம் பிரிவு சொல்கிறது. வழக்கு என்று வந்தால் போனில் உள்ள உரையாடலைச் சான்றாக வைக்க, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழும் வேண்டும். வெறும் ஸ்கிரீன்ஷாட்டை நீட்டினால் போதாது.

அழித்தாலும் பொறுப்பு அழியாது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு தீர்ப்பு உண்டு. 2018-இல் பெண் பத்திரிகையாளர்களைப் பற்றிய பதிவொன்றை நடிகர் எஸ்.வி.சேகர் பேஸ்புக்கில் பகிர்ந்தார். பிறகு அதை நீக்கி மன்னிப்பும் கேட்டார். ஆனாலும் வழக்கை ரத்து செய்ய 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் மறுத்தது. அனுப்பும்வரைதான் அது அனுப்புபவரின் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்ற கருத்தை அந்தத் தீர்ப்பு தெளிவாக வைத்தது. அடுத்த மாதம் உச்ச நீதிமன்றமும் அவருடைய மேல்முறையீட்டை ஏற்கவில்லை. அது எல்லாரும் பார்க்கும் பதிவு. நம் மல்லி விலை இருவருக்குள் நடந்த பேச்சு. ஆனாலும் அனுப்பியதை நீக்கிவிட்டேன் என்பது முழு விடையாகாது என்ற பாடம் இரண்டுக்கும் பொது.

அப்படியானால் 8.20-க்கு அந்த வியாபாரி என்ன செய்திருக்க வேண்டும்? அனுப்பி 15 நிமிடத்துக்குள் இருந்தால் மெசேஜைத் திருத்தும் வசதி இருக்கிறது. ஆனால் திருத்தினால் எதிராளிக்குப் புதிதாக மணி அடிக்காது, அவர் பார்க்காமலே மூட்டையை ஏற்றிவிடலாம். சரியான வழி, விவசாயியின் பதிலையே மேற்கோளாக வைத்து, "மன்னிக்கணும், விலைய மாத்திப் போட்டுட்டேன். 9,800 இல்ல, 8,900. இந்த விலைக்குச் சம்மதமா? சொன்னப்புறம் ஏத்துங்க" என்று உடனே எழுதுவது. எழுதிவிட்டுப் போன் போட்டும் சொல்ல வேண்டும். தவறு, திருத்தம், நேரம் மூன்றும் வரிசையாகத் திரையில் இருக்கும். விவசாயி சம்மதித்தால் புது விலை, இல்லையென்றால் மூட்டை அவர் களத்திலேயே இருக்கும். யாரும் யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை.

ஆகவே, பதில் வராத மெசேஜை அழிக்கலாம். "Delete for me" என்பதைத் தவறித் தட்டிவிட்டால், சில விநாடி தெரியும் "Undo" பொத்தானை விட்டுவிடாதீர்கள். பதில் வந்துவிட்டால் அழிக்க வேண்டாம். அந்தப் பதிலுக்குக் கீழேயே தவறை ஒப்புக்கொண்டு சரியானதை எழுதுங்கள், எதிராளியின் சம்மதத்தை மறுபடி கேட்டு வாங்குங்கள்.