கட்டிய 4,000 எங்கே போனது?

கிரெடிட் கார்டில் 20,000 ரூபாய் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். பொருள் வாங்கியது 14,000, ஏ.டி.எம்.மில் எடுத்த ரொக்கம் 5,000, ரொக்கக் கட்டணமும் ஜி.எஸ்.டி.யும் 400, வட்டி 600. நீங்கள் 4,000 கட்டுகிறீர்கள்.

இந்தியாவில் பல கார்டுகளின் விதிப்படி வரி, கட்டணம், வட்டி என 1,000 முதலில் கழியும். மீதி 3,000 பொருள் வாங்கிய கணக்குக்குப் போய், அது 11,000 ஆகும். ரொக்கத்துக்குக் கடைசி இடம்தான். எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும் அந்த 5,000 அப்படியே நிற்கும். வங்கிக்கு வசதியான வரிசை!

அமெரிக்காவில் 2009-ல் வந்த சட்டப்படி, குறைந்தபட்சத் தொகைக்கு மேல் கட்டுவது அதிக வட்டியுள்ள பாக்கிக்கே முதலில் போக வேண்டும்.

உங்கள் கார்டின் வரிசை, அதன் முக்கிய நிபந்தனைகள் ஆவணத்தில் இருக்கும். ரொக்கம் எடுக்குமுன் பாருங்கள்.