மெனு கேட்டால் பட்டியல் வராது

முதன்முறை வெளிநாடு செல்லும் நம்மவர்கள் உணவகத்தில் தடுமாறுவது ஆ லா கார்ட், செட் மீல், பஃபே என்னும் மூன்று சொற்களில்தான். பாரிஸ் நகரத்து உணவகம் ஒன்றில் அமர்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம்.

பிரெஞ்சு மொழியில் ‘கார்ட்’ என்பதுதான் விலைப்பட்டியல். அதைப் பார்த்து வேண்டியதைத் தனித்தனியாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் தனி விலை கொடுப்பது ஆ லா கார்ட். நாம் பட்டியல் என்று நினைக்கும் ‘மெனு’ அங்கே செட் மீல். நம் வாழையிலைச் சாப்பாடுபோல, எல்லாம் சேர்த்து ஒரே விலை. ஆகவே பட்டியல் வேண்டுமானால் ‘லா கார்ட்’ என்று கேட்க வேண்டும்.

எது மலிவு? முன்னுணவு 8 யூரோ, முக்கிய உணவு 17, இனிப்பு 8 என்றால் தனித்தனியாக 33 ஆகும். மூன்றும் சேர்ந்த மெனு 25 என்றால் நமக்கு 8 யூரோ மிச்சம். முக்கிய உணவு மட்டும் போதுமென்றால் 17 யூரோவோடு எழுந்துவிடலாம். மெனுவை வாங்குவது வீண். ‘ஆந்த்ரே’ என்பது அங்கே முன்னுணவு. அமெரிக்காவிலோ அதே சொல் முக்கிய உணவைக் குறிக்கும்! இதில் ஏமாறுபவர் அநேகர்.

பஃபேயில் ஆளுக்கு ஒரு விலை. நாமே எடுத்துச் சாப்பிடலாம், பொதுவாக வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போக முடியாது. பானங்களுக்குத் தனி விலை உண்டா என்று உட்காருமுன் கேட்டுக்கொள்வோம்.

பிரான்சில் சேவைக் கட்டணம் விலையிலேயே அடங்கியிருக்கும். புட்டித் தண்ணீருக்குக் காசு. ‘ஊன் கராஃப் தோ’ என்று கேட்டால் சாப்பாட்டோடு குழாய்த் தண்ணீர் இலவசமாக வரும்.