காலடிச் சத்தம் யாருடையது?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியைப் போட்டால் நம்ம ஊர்ப் படம் ஒன்று ஹிந்தி பேசிக்கொண்டு ஓடும். வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இது பழகிப்போன காட்சி. நாயகனின் தமிழ்க் குரலை எடுத்துவிட்டு ஹிந்திக் குரலை வைத்திருக்கிறார்கள், சரி. ஆனால் அவர் படியேறும் சத்தமும், பின்னால் பெய்யும் மழையும், விடுகிற அறையும் அப்படியே இருக்கின்றனவே! குரலை மட்டும் எப்படித் தனியே உருவினார்கள்?

உருவவில்லை என்பதே பதில். அந்தச் சத்தங்கள் ஆரம்பத்திலிருந்தே தனியாகச் செய்யப்பட்டவை. படப்பிடிப்பில் மைக் நடிகரின் வாயை நோக்கித்தான் இருக்கும். காலடி லேசாகத்தான் பதியும். பதிந்ததும் வசனத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பதால், வசனத்தை வெட்டினால் காலடியும் போய்விடும். வசனத்தை டப்பிங் அறையில் பேசிப் பதிந்த படமானால் அந்தப் பதிவில் காலடியே இருக்காது. இரண்டு வகையிலும் யாரோ ஒருவர் அதைப் புதிதாக நடந்து காட்ட வேண்டும். இந்த வேலைக்கு ஃபோலி என்று பெயர். ஹாலிவுட்டின் யுனிவர்சல் ஸ்டூடியோவில் இருந்த ஜாக் ஃபோலி, 1929-இல் வந்த 'ஷோ போட்' படத்துக்குத் திரையைப் பார்த்தபடியே சத்தங்களை எழுப்பினார். அவர் பெயரே தொழிலுக்கும் நிலைத்துவிட்டது.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். ஒருவன் மழையில் ஓடி வருகிறான், வராந்தாவில் ஏறுகிறான், அங்கே நிற்பவனை ஓங்கி அறைகிறான்.

முதலில் காலடி. ஃபோலி அறையின் தரையில் மண், சரளைக்கல், சிமெண்ட், பலகை எனத் தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். கலைஞர் பொருத்தமான செருப்பை மாட்டிக்கொண்டு, திரையைப் பார்த்தபடி நின்ற இடத்திலேயே நடப்பார். பார்ப்பது பெரும்பாலும் நடிகரின் தோளை. ஏனென்றால் பாதி நேரம் கால் திரையில் தெரியாது. உடம்பின் எடை எப்போது இறங்குகிறது என்பதைத் தோள்தான் சொல்லும். சினிமாவில் நொடிக்கு 24 ஃபிரேம். இரண்டு மூன்று ஃபிரேம் தள்ளிப்போனாலே, என்ன தப்பு என்று சொல்லத் தெரியாவிட்டாலும், 'ஏதோ ஒட்டலையே' என்று நமக்குத் தோன்றிவிடும். காலடி முடிந்ததும் அதே காட்சியை மறுபடி ஓட்டித் துணி உரசலையும், மறுபடி ஓட்டிக் கதவு, தாழ்ப்பாள் போன்றவற்றையும் பதிவார்கள்.

அடுத்து மழை. படப்பிடிப்பு மழை பெரும்பாலும் தண்ணீர் லாரியும் குழாயும் கொடுப்பது. அங்கே பதிந்தால் பம்பு மோட்டார்தான் கேட்கும். நிஜ மழையைப் பதிந்தாலும் சட்டியில் வெங்காயம் வதங்குகிற மாதிரி ஒரே இரைச்சலாக இருக்கும். மழைத்துளி எதன்மேல் விழுகிறதோ அதுதானே சத்தம் கொடுக்கிறது! ஆகவே தூரத்து இரைச்சல் ஒன்று, பக்கத்துச் சேற்றில் விழும் சொட்டு ஒன்று, தகரக் கூரையில் விழுவது ஒன்று என்று தனித்தனியே சேகரித்து அடுக்குவார்கள். நம்ம ஆள் வராந்தாவில் ஏறியதும் சேற்றுச் சொட்டு பின்வாங்கும், தகரம் மேலே வரும். இடம் மாறியதைக் கண்ணுக்கு முன் காது தெரிந்துகொள்ளும். பேச்சு வருகிற இடத்தில் இரைச்சலை மெல்லத் தணிப்பார்கள். இல்லாவிட்டால் ச, ஸ போன்ற எழுத்துகளை மழை விழுங்கிவிடும்.

கடைசியில் அறை. படப்பிடிப்பில் கை பெரும்பாலும் கன்னத்தில் படுவதில்லை. நிஜமாகப் பட்டாலும், திரையில் நாம் எதிர்பார்க்கும் அளவுக்குக் கேட்காது. அதனால் மெல்லிய பிரம்பைக் காற்றில் வீசிய 'விஷ்' ஒன்று, கனமான மோதல் ஒன்று, மேலே சுள்ளென்ற சிறு வெடிப்பு ஒன்று என்று மூன்றையும் கோப்பார்கள். 1981-இல் வந்த 'ரைடர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்' படத்தின் குத்துகளுக்கு, பென் பர்ட் தோல் ஜாக்கெட்டுகளைக் குவித்துப் பேஸ்பால் மட்டையால் அடித்துப் பதிந்தார். ஒரே பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டால் காது கண்டுபிடித்துவிடும். பழைய சண்டைகளின் 'டிஷ்யூம்' நமக்குச் சிரிப்பூட்டுவது அதனால்தான்.

இப்படிச் செய்த சத்தங்களை இசையோடு சேர்த்து, வசனம் இல்லாத தனி டிராக்காக வைப்பார்கள். 'எம் அண்ட் இ' என்பது அதன் பெயர். ஹிந்திக் குரல் அதன்மேல்தான் ஏறுகிறது. இருமல், விசும்பல், சிரிப்பு ஆகியவை குரலைச் சேர்ந்தவை என்பதால், அவற்றை ஹிந்திக் கலைஞரே மறுபடி செய்ய வேண்டும்.

இந்த டிராக் அரைகுறையாக இருந்தால் வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். ஆள் பேசத் தொடங்கியதும் காலடியும் மழையும் காணாமல் போகும். பேச்சு நின்றதும் திரும்பி வரும். தமிழ் வசனத்தை வெட்டிய பள்ளத்தை யாரும் நிரப்பவில்லை என்று அர்த்தம். அடுத்த ஞாயிறு காதைக் கொஞ்சம் தீட்டிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். பேச்சுக்கு நடுவே காலடி விடாமல் கேட்டால், யாரோ ஒருவர் மூடிய அறையில் நின்ற இடத்திலேயே அந்த நடையை முழுசாக நடந்திருக்கிறார்.